ராஜினாமா கடிதத்தில் ஒரு தேதி

நான் முதலில் எழுதிய ராஜினாமா கடிதம் ஒரு 8டி அறிக்கை போல இருந்தது. தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். வாடிக்கையாளர் ஒரு பாகத்தைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால், என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எப்படித் தடுப்போம் என்று எட்டுப் படிகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலரை வருடம் அதையே எழுதிப் பழகிய கை. வேலையை விடுகிறேன் என்று எழுத உட்கார்ந்தபோதும் பிரச்சினை, மூல காரணம், பொறுப்பானவர் என்று தானாகவே பிரித்துக்கொண்டு போய்விட்டது. மூல காரணத்தின் இடத்தில் என் மேலாளரின் பெயர் இருந்தது.

எங்கள் தொழிற்சாலை ஒரகடம் பக்கம். அலுமினிய வார்ப்புகளைக் கடைந்து கார் கம்பெனிகளுக்குக் கொடுப்போம். 2019 ஜூலை 15ஆம் தேதி பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். 2024 ஜனவரி முதல் வாரத்தில், ஒரு துளையின் அளவு தப்பிய பாகங்கள் வாடிக்கையாளரின் லைன் வரைக்கும் போய்விட்டன. அவர்கள் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து கேஜ் போட்டுப் பார்க்கும் வேலை எனக்கு. சார்ட்டிங் என்போம். முடிய இரவு ஒரு மணி ஆனது. திரும்ப வண்டி இல்லை. மேலாளருக்கு போன் செய்தால், "ஆட்டோ பிடிச்சு வந்துடும்மா, பில்லு கொடு, பாஸ் பண்றேன்" என்றார். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஆட்டோ எங்கே வரும்? மறுநாள் மீட்டிங்கில் துளை தப்பியதற்கும் என் பெயரையே சொன்னார்.

ஜனவரி 8ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, அந்தக் கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். கடைசி வரி: "என்னைக் கூடிய சீக்கிரம் விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அனுப்பாமல் டிராஃப்டில் வைத்தேன். காரணம் பெரிய நிதானமெல்லாம் இல்லை. பொங்கலுக்கு அம்பத்தூர் சித்தப்பா வீட்டுக்கு வருகிறார், அவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று தோன்றியது.

சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எச்.ஆர். என்கிறோம், அவர் இன்னும் பர்சனல் என்றுதான் சொல்வார். போகிறவர்களின் கடிதங்களை வாங்கி ஃபைலில் போட்டே காலத்தை ஓட்டியவர். என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தார். என்ன அக்கிரமம் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ எந்தத் தேதியில சேர்ந்த?"

சொன்னேன்.

"அப்ரென்டிஸா சேர்ந்தியா, கம்பெனி ரோல்லயா?"

"ரோல்லதான் சித்தப்பா. பேர்தான் டிரெய்னி. முதல் மாசத்துலருந்தே பி.எஃப். பிடிச்சாங்க."

"நோட்டீஸ் எத்தனை மாசம்?"

"ரெண்டு."

விரல் விட்டு எண்ணினார். "அப்போ இதை நீ அனுப்பியிருந்தா மார்ச் ஏழாம் தேதி வெளிய வந்திருப்ப. கிராஜுவிட்டி போயிருக்கும், தெரியுமா?"

எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்து வருடம் முடித்து விலகினால் கம்பெனி கொடுக்கும் பணம் கிராஜுவிட்டி, முடிக்காவிட்டால் கிடையாது என்பதுதான். எப்படியும் 2024 ஜூலை வரை இருக்கப் போவதில்லை, அதனால் அந்தப் பணத்தை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா சொன்னது இது. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த கிராஜுவிட்டி சட்டம் 1972ஆம் வருடத்தது. ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு சொன்னது. ஆனால் 'ஒரு வருடத் தொடர் பணி' என்றால் என்ன என்று இன்னொரு பிரிவு விளக்கியது: அந்தப் பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடம். வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமென்றால் 190 நாள் போதும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து, நாலு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் இருந்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவர்களின் அப்ரென்டிஸ் காலம் இதில் சேராது. அதனால்தான் அவர் முதலிலேயே அதைக் கேட்டார்.

அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து என்னையே எண்ணச் சொன்னார். என் ஐந்தாவது வருடம் 2023 ஜூலை 15ஆம் தேதி தொடங்கியது. காலண்டரில் எல்லா நாளையும் சேர்த்து எண்ணினால் 240ஆவது நாள் 2024 மார்ச் 10. நான் வெளியே வந்திருக்கக்கூடிய நாள் மார்ச் 7. மூன்று நாள் குறைகிறது!

"இது தாராளமா எண்ணினது," என்றார் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து எண்ணினால் ஏப்ரல் 19 ஆகிறது. அது பிறகு தேர்தல் நாளாகிப் போனது வேறு கதை. பண்டிகை விடுமுறைகளையும் நான் எடுத்த லீவுகளையும் கழித்தால் மே இரண்டாவது வாரத்துக்குப் போய்விடுகிறது. வாராந்தர விடுமுறையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் 240இல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தொழில் தகராறு சட்ட வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாம். "ஆனா உன் கம்பெனி பேரோல் பையன் அதைப் படிச்சிருப்பானா? யாரும் எப்படி எண்ணினாலும் தாண்டுற மாதிரி ஒரு தேதியைப் போடு. கோர்ட்டுக்குப் போய் வாங்கற பணமா இது?"

எவ்வளவு பணம் என்பதையும் போட்டுப் பார்த்தோம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும், பஞ்சப்படி இருந்தால் அதையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. என் அடிப்படைச் சம்பளம் 21,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு 12,115 ரூபாய் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அதையும் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால் எனக்கு ஐந்து வருடம். மொத்தம் 60,577 ரூபாய். சென்னையில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் என் பங்கு வாடகையை வைத்துப் பார்த்தால் அது பல மாதக் கணக்கு. என் கோபத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

தேதியை முடித்துவிட்டு கடிதத்துக்கு வந்தார். "கூடிய சீக்கிரம் விடுவிக்குமாறு" என்ற வரியின் மேல் விரலை வைத்தார். "இது யாரு எழுதச் சொன்னது?" யாரும் சொல்லவில்லை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிகின்றன. பணிவாக இருக்கிறது என்று நானும் போட்டிருந்தேன்.

அதன் விளைவை அவர் சொல்லித்தான் யோசித்தேன். என் நியமன உத்தரவில், இரண்டு தரப்பும் இரண்டு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் போகும் தேதியைத் தெளிவாகப் போட்டிருந்து, கம்பெனி தானாக முன்கூட்டியே அனுப்பினால், மிச்ச நாளுக்கு அவர்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு இடம் உண்டு. ஆனால் 'சீக்கிரம் விடுங்கள்' என்று நானே எழுதிக் கொடுத்திருந்தால், அவர்கள் அடுத்த வாரமே விடுவித்து, "நீங்கள் கேட்டீர்கள், செய்தோம்" என்று சொல்லிவிடலாம். நோட்டீஸ் சம்பளமும் போகும், 240 நாள் கணக்கும் போகும். சித்தப்பா தன் காலத்தில் இப்படி எழுதியவர்களை மறுநாளே அனுப்பியதைப் பார்த்திருக்கிறாராம். "நாங்க சட்டத்தை மீறல. அவன் கேட்டதைக் குடுத்தோம்," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார்.

உங்கள் நியமன உத்தரவை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். ஈடான சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமா, முழுச் சம்பளமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி வெளியேறுவது நிர்வாகம் ஒப்புக்கொண்டால் மட்டுமே என்று இருக்கும். இரண்டு மாதம் என்று இருக்கிறதா, அறுபது நாள் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இது சில்லறை விஷயம் மாதிரித் தெரியும், பின்னால் எனக்கே வேலைக்கு வந்தது.

அடுத்து, அந்த இரண்டு பக்கப் புகார். அதை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கத்தான் சொன்னார், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. ராஜினாமா கடிதம் யார் கைக்கெல்லாம் போகிறது என்று கேட்டார். மேலாளர், பிளான்ட் எச்.ஆர்., கணக்கு முடிக்கும் பேரோல். அதன் பிறகு பர்சனல் ஃபைல். இவர்களில் வண்டி ஏற்பாடு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மேலாளர் ஒருவருக்குத்தான். அவர் மேல்தான் புகாரே. "போறவ சொல்றான்னா போற கோவத்துல சொல்றான்னு ஒதுக்கிடுவாங்க. உள்ள இருக்கறவ எழுதினா பதில் சொல்லியாகணும். ராத்திரி வண்டி இல்லைங்கறது நிஜமான பிரச்சினைதானே? அதை இப்பவே தனியா எழுது."

இந்த யோசனை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. போகப் போகிறவள் எதற்காகப் பகையை வளர்த்துக்கொள்ள வேண்டும்? ஆனால் சார்ட்டிங்குக்கு என்னோடு வந்தவள் ஒருத்தி, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். அவள் இனியும் போகத்தான் போகிறாள். பிப்ரவரியில் பிளான்ட் எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதில் மேலாளர் பெயர் இல்லை. எந்தத் தேதி, எந்த வாடிக்கையாளரின் இடம், வேலை எத்தனை மணிக்கு முடிந்தது, நாங்கள் இருவரும் எப்படித் திரும்பினோம், வெளியிடப் பணி எட்டு மணியைத் தாண்டினால் கம்பெனி வண்டி வேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். பதில் வர இரண்டு வாரம் ஆனது. வெளியிட சார்ட்டிங்குக்குப் போகும் பெண்களுக்கு இரவில் கேப் ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரு வரி. ஆண்களுக்கு இல்லையாம். பாதி வெற்றிதான். ஆனால் அந்தப் பாதியும் என் ராஜினாமா கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் கிடந்திருந்தால் கிடைத்திருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காரணமே எழுதாதே என்பது, வேலையை விடச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்ற நிலையில் இருப்பவருக்குப் பொருந்தாது. அவர் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அது கட்டாயத்தில் எழுதியது என்று நிரூபிப்பது மிகவும் கடினம். அவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ சங்கத்தையோ பார்ப்பது நல்லது. என் விஷயம் அப்படி இல்லை. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, நானே போக விரும்பினேன். அதனால் எனக்குக் காரணம் எழுத வேண்டிய அவசியமும் இல்லை, பொய்க் காரணம் எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரியிலேயே கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்திலிருந்து வேலை உறுதியானது. நேர்காணல் முடிந்து "உங்களை எடுத்துக்கொண்டோம், ராஜினாமா போட்டுவிடுங்கள்" என்று போனில்தான் சொன்னார்கள். எழுத்தில் வந்த பிறகு போடுகிறேன் என்றேன். ஆஃபர் லெட்டர் வந்தது. ஏப்ரல் 15ஆம் தேதி சேரச் சொல்லியிருந்தார்கள். ஜூன் 3, திங்கட்கிழமை சேரலாமா என்று கேட்டேன். இங்கேதான் வேலை போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயந்தேன். கிராஜுவிட்டி கணக்கை அப்படியே சொன்னேன். அங்கிருந்த எச்.ஆர். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை, "இதை நிறைய பேரு கேப்பாங்க, தேதி மாத்தி அனுப்பறேன்" என்றார். திருத்திய கடிதத்தில், பழைய நிறுவனத்தின் ரிலீவிங் ஆர்டரைக் கொடுத்தால்தான் வேலை உறுதி என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. ஆக, பழைய இடத்தில் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் வெளியேறும் வழி அத்தோடு அடைபட்டது.

நடுவில் இன்னொரு வடிவமும் எழுதினேன். அது முதல் கடிதத்துக்கு நேர் எதிர். நிறுவனம் எனக்குக் கொடுத்த வாய்ப்புகள், கற்றுக்கொண்ட பாடங்கள், மேலாளரின் வழிகாட்டுதல் என்று தேன் ஒழுகியது. படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. தவிர, அதில் "விலக விரும்புகிறேன், தங்கள் ஒப்புதலை எதிர்பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தேன். போனில் வாசித்துக் காட்டினபோது சித்தப்பா அந்த இடத்தில் நிறுத்தினார். விருப்பம் சொன்னால் அவர்கள் பேச்சுவார்த்தைக்கு இழுப்பார்கள். ஒப்புதலைக் கேட்டால், ஒப்புதல் கொடுக்கும் நாளிலிருந்துதான் நோட்டீஸ் தொடங்கும் என்பார்கள். என் நியமன உத்தரவில் நோட்டீஸ் கொடுப்பது பற்றித்தான் இருக்கிறது, ஒப்புதல் பற்றி எதுவும் இல்லை. அரசு வேலையிலும், கம்பெனியின் பணி விதிகளான நிலையாணைகளில் அப்படி எழுதியிருக்கும் இடங்களிலும் கதை வேறு. எனக்கு, நோட்டீஸ் கொடுத்தேன் என்று எழுதினால் போதும்.

கடைசியில் நின்ற கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பொருள்: ராஜினாமா. பணியாளர் எண், பதவி, பிரிவு.

தரப் பொறியாளர் பதவியிலிருந்து இக்கடிதத்தின் மூலம் ராஜினாமா செய்கிறேன். எனது நியமன உத்தரவில் கண்ட இரண்டு மாத முன்னறிவிப்பை இன்று, 30.03.2024, கொடுக்கிறேன். எனது கடைசி வேலை நாள் 31.05.2024, வெள்ளிக்கிழமை.

என் பொறுப்பில் உள்ள வாடிக்கையாளர் புகார்கள், அளவுக்கருவிகளின் பட்டியல் ஆகியவற்றை நீங்கள் சொல்பவரிடம் மே மாதத்துக்குள் ஒப்படைக்கிறேன்.

கடைசி வேலை நாளன்று ரிலீவிங் ஆர்டரும் பணிச் சான்றிதழும் தருமாறும், விடுப்புச் சம்பளம், கிராஜுவிட்டி உட்படக் கணக்கை முடித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு என்னைத் தொடர்புகொள்ள: சொந்த மின்னஞ்சல், கைபேசி எண்."

இதில் நன்றி இல்லையே என்று என் தோழி கேட்டாள். நன்றி சொல்ல வேண்டியவர் கேஜ் ரூமில் இருக்கும் அண்ணாதான். மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் கற்றுக் கொடுத்தவர். அவருக்கு நேரில் சொன்னேன். உங்களுக்கு மேலாளரிடம் நிஜமாகவே நன்றி இருந்தால் ஒரு வரி சேர்ப்பதில் தப்பில்லை. எனக்கு இல்லை, அதனால் சேர்க்கவில்லை.

மே 31 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. மே இரண்டாவது வாரம் என்ற மிகக் கறாரான கணக்கையும் அது தாண்டிவிடுகிறது. மாதக் கடைசி என்பதால் சம்பளமும் பி.எஃப்பும் முழு மாதத்துக்கு வரும். நோட்டீஸ் காலத்தில் ஓரிரு நாள் லீவு எடுத்து, அதைக் காட்டி அவர்கள் நாளைத் தள்ளப் பார்த்தாலும், இரண்டு மாதம் மே 29ஆம் தேதியே முடிந்துவிடுகிறது, இரண்டு நாள் கையில் இருக்கிறது.

மார்ச் 30 சனிக்கிழமை. எங்களுக்கு வேலை நாள்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி திங்கட்கிழமை அனுப்பலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அந்தத் தேதியில் ராஜினாமா அனுப்பினால் விளையாட்டு என்று நினைத்துவிடப் போகிறார் என்று முன்னால் நகர்த்தினேன். காலை மீட்டிங் முடிந்ததும் மேலாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டு, நேரில் சொன்னேன். மின்னஞ்சலைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டால், அடுத்த இரண்டு மாதமும் அந்தக் கடுப்பு என் மேல்தான் இறங்கும். அவர் முதலில் கேட்டது, "எவ்வளவு எக்ஸ்ட்ரா குடுக்கறாங்க?" நான் எண்ணைச் சொல்லவில்லை. ஜூலையில் கிரேடு மாற்றம் வருகிறது, என் பெயர் பட்டியலில் இருக்கிறது என்றார். "எழுத்துல இருக்கா சார்?" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

இடத்துக்கு வந்து அலுவலக மின்னஞ்சலிலிருந்தே கடிதத்தை அனுப்பினேன். மேலாளருக்கு, பிளான்ட் எச்.ஆருக்கு நகல். கையெழுத்துப் போட்ட காகிதப் பிரதி ஒன்றை எச்.ஆரில் கொடுத்து, இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினேன். இது பழைய காலத்து வழக்கம் என்று அந்தப் பையன் சிரித்தான். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும், அப்போது என்னிடம் மிஞ்சுவது இந்தக் காகிதம்தான்.

அதோடு முடியவில்லை. எங்கள் எச்.ஆர். மென்பொருளிலும் ராஜினாமாவைப் பதிய வேண்டும். காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல்: மேற்படிப்பு, திருமணம், நல்ல வாய்ப்பு, உடல்நிலை, மற்றவை. 'மற்றவை' போட்டேன். அடுத்த திரையில் கடைசி நாளை அதுவே நிரப்பிக் காட்டியது: மே 28. உத்தரவில் இரண்டு மாதம், மென்பொருளில் அறுபது நாள், என் கடிதத்தில் மே 31. இப்படியே விட்டிருந்தால் மென்பொருளில் இருக்கும் தேதியைத்தான் பேரோல் எடுத்திருக்கும். குறிப்பு எழுதும் பெட்டியில் "கடிதத்தின்படி 31.05.2024" என்று எழுதி, அதையே எச்.ஆருக்கும் மின்னஞ்சலில் கேட்டேன்.

மேலாளர் ஒன்பது பத்து நாள் மென்பொருளில் எதையும் தொடவில்லை. கேட்டால், "நான் இன்னும் அக்செப்ட் பண்ணல, யோசிச்சுச் சொல்லு" என்பார். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்திருந்ததால் வாதம் பண்ணாமல் ஒப்படைப்பு வேலையைத் தொடங்கினேன். திறந்திருந்த வாடிக்கையாளர் புகார்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் எந்தப் படி பாக்கி, அடுத்த பதில் என்றைக்குக் கொடுக்க வேண்டும், கேஜ்களின் அளவுத்திருத்தம் எப்போது முடிகிறது என்று ஒரு ஷீட் போட்டு அவருக்கே அனுப்பினேன். அந்த ஷீட் கைக்கு வந்ததும் அவருக்கும் நான் போகிறேன் என்பது உறைத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது, கடைசி நாள் மே 31 என்று எழுத்தில்.

கடைசி வாரத்து எக்ஸிட் இன்டர்வியூவில் மீட்டிங்கில் பழி போட்ட கதையைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்களா என்பது தெரியாது, நான் பேசும்போது பேனா மூடியே இருந்தது. மே 31 மாலை ரிலீவிங் ஆர்டர் கைக்கு வந்தது. அதில் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்தேன். அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் இவைதான் கேட்கப்படும்.

கிராஜுவிட்டிக்கான விண்ணப்பப் படிவத்தையும் அன்றே நிரப்பிக் கொடுத்திருந்தேன். பணம் முப்பது நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். ஜூன் கடைசி வாரத்தில் வந்தது, ஆனால் 48,462 ரூபாய். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நாலு வருடத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். மென்பொருள், முடிந்த வருடங்களை மட்டும் எடுத்திருக்கிறது. நாலு வருடம் பத்து மாதம் என்பது ஆறு மாதத்தைத் தாண்டியதால் ஐந்து என்று எடுக்க வேண்டும், குறைவது 12,115 ரூபாய் என்று நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன், ரிலீவிங் ஆர்டரின் நகலோடு. யாரும் மறுத்துப் பேசவில்லை. ஜூலையில் மீதி வந்தது.

பி.எஃப். கணக்கில் மட்டும் விலகிய தேதியை அவர்கள் ஏற்றவே இல்லை. அது இல்லாமல் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றுவது தடைபடும். இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, யு.ஏ.என். போர்ட்டலில் ஆதார் ஓ.டி.பி. வைத்து உறுப்பினரே விலகிய தேதியைப் பதியலாம். ஒருமுறை போட்டால் நாமாகத் திருத்த முடியாது என்று அப்போது இருந்ததால் ரிலீவிங் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 31.05.2024 என்று ஏற்றினேன். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கே மாற்றக் கொடுத்தேன், ஏனென்றால் ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு, மாற்றினால் பழைய வருடங்களும் தொடர்ந்து சேரும்.